கயிறும் கையும்



தை பிறந்துவிட்டால் மும்பைத் தமிழர் வாழும் பகுதிகளில் விளையாட்டுகளுக்குக் குறைவில்லை. தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் பானைகள் பொங்கி இறக்கப்பட்ட பின்னரும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சிறிது திடல் கிடைத்த இடங்களிலும், ஓட்டம், உறியடி, கோலம் எனப் போட்டிகளை நடத்துவது நம்மவர் வழக்கம். இவற்றிற்கெல்லாம் முடிவாகக் கயிறு இழுக்கும் போட்டியை வைப்பவரும் உண்டு. நம் மராத்தி அண்டையர் இதனை ரஸ்ஸிகேச் என்பர்.

மற்றப் போட்டிகளுக்குப் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொள்பவரும் இதற்குப் பயிற்சி வேண்டும் என்று எண்ணுவதில்லை. கயிறு ஒன்று, வலுவுள்ளவர் இரு கட்சியார், நடுவே ஒரு கோடு. இவை போதும் என்பதே பொதுக் கருத்து. பார்வையாளருள் இருந்து இருபது பேர் ஓடி வந்து கயிற்றைப் பற்றிக்கொள்வதும், கடைசியில் நிற்பவர் கயிற்றை இடுப்பிலோ கையிலோ இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வதும் இந்தக் கருத்தின் விளைவுகளே. அந்தச் சுற்றில் எவ்வளவு கேடு அடங்கியிருக்கிறது என்பதையும், சுற்ற வேண்டிய நிலையே வாராதபடி ஒரு குழுவை எவ்வாறு பழக்குவது என்பதையும் இத்திங்கள் எழுதக் கருதுகிறேன்.

தைப்பே நகரில் நடந்தது

1997ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் தைவான் நாட்டின் தலைநகராகிய தைப்பேயில், விழா நாளை முன்னிட்டு ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் மாபெரும் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. கலந்துகொண்டோர் ஏறத்தாழ 1,600 பேர். கயிறு 5 செ.மீ. பருமன் உள்ள நைலான் வடம். அது தாங்கக்கூடிய பளு 26 டன் எனப் பின்னர்ச் செய்திகள் கூறின. போட்டி தொடங்கிய சிறிது நேரத்திற்குள் வடம் அறுந்தது. அறுந்த வடம் திருப்பி அடித்த வேகத்தில் இருவருடைய இடக்கை தோளுக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. மருத்துவர்கள் பல மணி நேரம் அறுவை செய்து அக்கைகளை மீண்டும் பொருத்தினர். மேலும் பலர் காயமுற்றனர்.

5 செ.மீ. பருமனுள்ள வடம் அறுமா என்று ஐயுறுவோர் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். 1,600 பேர் என்றால் பக்கத்திற்கு 800 பேர். ஒருவர் 50 கிலோ அளவே இழுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர உடல்வாகு உடையவர்க்கு இது பெரிய செயல் அன்று. 800ஐ 50ஆல் பெருக்கினால் 40,000 கிலோ, அதாவது 40 டன் ஆகிறது. வடமோ 26 டன் தாங்குவது. ஆகவே எல்லோரும் ஒருங்கே இழுத்த நொடியில் அறுவதே அதற்கு இயல்பு. இரு பக்கத்தார் இழுப்பையும் கூட்டி 80 டன் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரு பக்கம் இழுப்பதை மறு பக்கம் தாங்கி நிற்கிறது. வடத்தின் நடுவில் உள்ள விசை ஒரு பக்கத்தாரின் இழுப்பே ஆகும். அந்த ஒரு பக்கமே அதற்கு மிகையாகிவிட்டது.

நைலானின் இயல்பும் இதனோடு சேர்ந்துகொண்டது. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும். நீளும்போது வில் வளைவது போல ஆற்றலைத் தன்னுள் சேர்த்து வைக்கும். அறும்போது அத்தனையும் ஒரு நொடியில் வெளிப்பட்டு, இரு முனைகளும் சவுக்கென இழுத்தவர்களை நோக்கியே பாயும். இதற்கு முன்னர், 1978ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஹாரிஸ்பர்க் நகரிலும் இதுவே நிகழ்ந்தது. உலகச் சாதனை படைக்கும் விருப்பத்தோடு 2,000க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்கள் ஒரே நைலான் கயிற்றை இழுத்தனர். அது அறுந்து, பிள்ளைகள் பலர் காயமுற்றனர். சிலர் விரல் நுனிகளை இழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் முதல் விதி தெளிவாகிறது. கயிற்றின் வலிமைக்கு ஏற்ப ஆட்களை அளவிட வேண்டும். பன்னாட்டுப் போட்டிகளில் பக்கத்திற்கு 8 பேருக்கு மேல் இல்லை. கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 செ.மீ. வரை, நீளம் 33.5 மீட்டருக்குக் குறையாது. எட்டுப் பேரின் மொத்த நிறை 600 கிலோ என்று கொண்டால், நன்கு பழகியவர்களின் இழுப்பும் ஏறத்தாழ அந்த அளவை ஒட்டியே நிற்கும்; உலுக்கி இழுக்கும் நொடியில் சற்று மிகும். அத்தகைய பருமன் உள்ள புதிய மணிலாக் கயிறு 5 டன்னுக்கு மேல் தாங்க வல்லது. இழுப்பைப் போலப் பல மடங்கு வலிமை கயிற்றிற்கு இருப்பதால்தான் அங்கே கயிறு அறுவது அரிதாக உள்ளது. வேடிக்கை பார்ப்பவர் ஒவ்வொருவராக வந்து சேரும்போது, அந்தப் பாதுகாப்பு ஒவ்வொரு பங்காகக் குறைகிறது என்பதை விழா நடத்துவோர் மனத்திற் கொள்ள வேண்டும்.

பிடி

கயிறு அறாவிட்டாலும் கைக்கு வரும் தீங்கு ஒன்று உண்டு. கையைச் சுற்றிக் கயிற்றைக் கட்டிக்கொண்டவர், எதிர்க் கட்சியார் திடீரென இழுக்கையில் அதனை விட இயலாது. 600 கிலோ இழுப்பு அந்த ஒரு சுற்றின் வழியாக அவருடைய விரல்களின் மேல் இறுகும். விரல் எலும்பு அதனைத் தாங்காது. நம்மவருள் தையல் இயந்திரத்தில் அமர்பவர், தோல் தைப்பவர், மட்பாண்டம் வனைபவர், அலுவலகத்தில் எழுதுபவர் எனக் கையால் குடும்பத்தைத் தாங்குவோர் பலர். ஒரு பிற்பகல் வேடிக்கைக்கு ஒரு விரலைக் கொடுப்பது எந்தக் குடும்பத்திற்கும் கட்டுப்படியாகாது.

ஆதலின் பிடியின் விதி இது: கயிற்றைப் பற்றும் கை, நினைத்த நொடியில் அதனை விடக்கூடிய கையாகவும் இருக்க வேண்டும். கயிற்றில் முடிச்சோ, வளையமோ, கைக்குச் சுற்றோ கூடாது. இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கி இருக்க, வெறுங்கையால் பற்ற வேண்டும். கயிறு உடலுக்கும் மேற்கைக்கும் இடையே, அக்குளின் கீழாகச் செல்ல வேண்டும். கைகள் இரண்டும் அருகருகே இருத்தல் நலம். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட்டே கயிற்றைத் தொட வேண்டும்.

கடைசியில் நிற்பவர்க்கு மட்டும் தனி முறை உண்டு. அவரை நங்கூரம் என்பது பொருந்தும். கயிறு அவருடைய அக்குளின் கீழாகச் சென்று, முதுகின் குறுக்கே ஏறி, எதிர்த்தோளின் மேலாக முன்னே வரும். அங்கிருந்து மீண்டும் அதே பக்கத்து அக்குளின் கீழாகப் பின்னே சென்று, மிச்சம் தரையில் தடையின்றிக் கிடக்கும். பார்ப்பதற்குச் சுற்றியது போலத் தோன்றினும் இது முடிச்சு அன்று. அவர் கைகளைத் தளர்த்தி உடலைத் திருப்பினால் கயிறு தானாக வழுவிவிடும். இதனைப் பலமுறை தளர்ந்த கயிற்றில் போட்டும் கழற்றியும் பழகாத ஒருவரை நங்கூரமாக நிறுத்துதல் தவறு. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்பவரைப் போட்டியிலிருந்தே விலக்க வேண்டும்.

நிலை

இத்தனை விதியும் அறிந்த ஒருவர், போட்டியின் நடுவே ஏன் கயிற்றைக் கையில் சுற்றுகிறார்? அவர் கை சோர்ந்துவிடுவதே காரணம். கை ஏன் சோர்கிறது? கையினால் இழுத்ததால் சோர்கிறது. நின்ற நிலையில் முழங்கையை மடக்கி மடக்கி இழுப்பவர்க்கு அரை நிமிடத்தில் முன்கை கடுக்கத் தொடங்கும், விரல்கள் திறக்கும், கயிறு வழுவி உள்ளங்கை எரியும். பின்னர் அவர் சுற்றிக்கொள்ளாமல் என் செய்வார்? ஆகவே கையைக் காக்கும் வழி காலில் உள்ளது.

சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துப் பாருங்கள். ஏணி நிமிர்ந்திருக்கும்போது சுவரைச் சிறிதளவே அழுத்துகிறது. அடியை வெளியே நகர்த்திச் சாய்க்கச் சாய்க்க அழுத்தம் பெருகுகிறது. இழுப்பவர் உடலும் அவ்வாறே. குதிகாலை ஊன்றி, குதிகாலிலிருந்து தோள் வரை உடலை ஏறக்குறைய ஒரே கோடாகப் பின்னுக்குச் சாய்த்தால், உடலின் நிறையே கயிற்றை இழுக்கும். அப்போது கைகள் நீண்டிருக்க, விரல்கள் கொக்கி போல மாட்டிக்கொண்டிருந்தால் போதும். முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு பின்னுக்குத் துருத்தினால் உடல் இரண்டாக மடிந்து, பளு முழுவதும் நடுமுதுகில் விழும். முதுகு வலி என்று மறுநாள் கூறுபவர் பெரும்பாலும் இவ்வாறு இடுப்பை மடக்கி இழுத்தவரே.

நிலை தவறியதைக் கண்டறியப் பயிற்சி தருபவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். முன்னிருந்து பார்த்தால் எல்லோரும் நன்றாக இழுப்பதாகவே தோன்றும். பக்கத்திலிருந்து நோக்கினால் எட்டு உடல்களும் ஒரே சாய்வில், கயிறு முதல்வர் முதல் நங்கூரம் வரை ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் கயிறு மேலே எழுந்திருந்தால் அங்கு நிற்பவர் நிமிர்ந்துவிட்டார் என்று பொருள். அவர் கை விரைவில் சோரும்; முதலிற் கயிறு வழுவப் போவதும் அவரிடமே.

நம் ஊரில் தரையும் ஒரு செய்தி. மண் திடலில் குதிகால் ஊன்றும். தாராவிச் சந்துகளிலும் குடியிருப்பு முற்றங்களிலும் சிமெண்டுத் தரையே மிகுதி. அங்குக் குதிகால் வழுக்கும். அத்தகைய தரையில் ரப்பர் அடியுள்ள தட்டையான காலணி அணிந்து, பாதம் முழுவதும் படியுமாறு, சாய்வைச் சற்றுக் குறைத்து நிற்க வேண்டும். மிதியடியோடு இழுத்தல் கூடாது. சிமெண்டின்மேல் மெல்லிய மணல் படிந்திருந்தால் முன்னரே பெருக்கிவிட வேண்டும். இல்லையேல் ஒருவர் வழுக்க, பின்னிருப்போர் அனைவரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிவர்.

தாளம்

பிரான்சு நாட்டு வேளாண்மைப் பொறியியலாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்பவர் 1913இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கு நினைக்கத் தக்கது. ஆட்கள் கூடக் கூட, ஒவ்வொருவரும் தரும் வலிமை குறைகிறது என்று அவர் கண்டார். அவர் காட்டிய கணக்கின்படி, எட்டுப் பேர் சேரும்போது ஒருவர் தரும் பங்கு அவர் தனியே தருவதில் ஏறத்தாழப் பாதியே. தனியே 80 கிலோ இழுக்க வல்ல எட்டுப் பேரிடமிருந்து நாம் எதிர்பார்ப்பது 640 கிலோ. கிடைப்பதோ 320 கிலோ. நான்கு பேர் இழுப்பதையே எட்டுப் பேர் இழுக்கிறார்கள்.

மற்ற நால்வரின் வலிமை எங்கே போயிற்று? ஒரு பகுதி நேரம் தவறுவதில் போகிறது. ஒருவர் உந்தும்போது மற்றவர் மூச்சு வாங்குகிறார். அவர் உந்தும்போது இவர் ஓய்கிறார். மற்றொரு பகுதி மனத்தில் போகிறது. 1974இல் ஆலன் இங்காம் என்பவரும் அவருடன் இருந்தோரும், இழுப்பவரின் கண்ணைக் கட்டி, பின்னால் பிறரும் இழுப்பதாக அவரை நம்பச் செய்து சோதித்தனர். உண்மையில் அவர் ஒருவரே இழுத்தார். ஆயினும் தனியே இழுப்பதாக அறிந்தபோது இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தார். பிறர் இருக்கிறார்கள் என்ற நினைவே கையைத் தளர்த்திவிடுகிறது.

முதற் குறைக்கு மருந்து தாளம். குழுவிற்கு ஒரு குரல் வேண்டும். அது இழுக்காதவர் குரலாக இருக்க வேண்டும். பளு இழுக்கும் தொழிலாளர் ஐலசா என்று ஒலிப்பதன் காரணமும் இதுவே. கட்டளை இரண்டு சொல்லாக இருக்கட்டும்: ‘நிலை’, ‘தள்ளு’. ‘நிலை’ என்னும்போது எல்லோரும் சாய்ந்து பூட்டியது போல் நிற்பர். ‘தள்ளு’ என்னும்போது எல்லோரும் ஒரே நொடியில் காலால் தரையைத் தள்ளி அரையடி பின்வாங்குவர். அரையடிக்கு மேல் எட்டி வைத்தால் கால் தரையை விட்டு நீங்கும் நேரம் மிகும். எதிர்க் கட்சியார் அந்த நேரத்தையே பார்த்திருப்பர். நீண்ட இழுப்பு ஒன்றைவிடச் சிறிய இழுப்புகள் பல நன்று. பன்னாட்டு விதிப்படி 4 மீட்டர் இழுத்தால் வெற்றி. அரையடியாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 26 அடிவைப்பு. தள்ளும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உடையோர் இவ்விளையாட்டில் இறங்காதிருத்தலே நன்று.

எதிர்க் கட்சியார் உந்தும்போது எதிர்த்து உந்துவது புதியவர் இயல்பு. பழகியவர் அப்போது ‘நிலை’யில் நிற்பர். உந்தியவர் சற்றே ஓயும் நொடியில் கயிறு இளகுவதைக் கை உணரும். அதுவே ‘தள்ளு’ என்று ஒலிக்க வேண்டிய நேரம். இரண்டாம் குறையாகிய மனத்தளர்ச்சிக்கும் குரல் கொடுப்பவரே மருந்து. கூட்டமாக விளிக்காமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கட்டும். தன்னை ஒருவர் காண்கிறார் என்று அறிந்தவர் தம் பங்கைக் குறைப்பதில்லை.

நான்கு மாலைப் பயிற்சி

விழாவிற்கு முன் நான்கு மாலைகள் கிடைத்தால் ஒரு குழுவைப் பழக்கலாம். முதல் மாலை கயிறே வேண்டாம். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றி, மெல்லப் பின்சாய்ந்து சமநிலை காணட்டும். இரண்டாம் மாலை கயிற்றோடு, பக்கத்திற்கு இருவராகவும் நால்வராகவும் ‘நிலை’ மட்டும் 20 விநாடி பழகட்டும். மூன்றாம் மாலை ‘தள்ளு’ சேரட்டும். நான்காம் மாலை ‘விடு’ என்னும் கட்டளைக்கு உரியது. இது பலரும் மறப்பது. ஒரு பக்கத்தார் வேடிக்கைக்காகக் கயிற்றைத் திடீரென விட்டால் மறு பக்கத்தார் மல்லாந்து விழுவர், பின்தலை அடிபடும். ஆதலின் ‘விடு’ என்றதும் இரு பக்கத்தாரும் ஒருசேர முன்னே ஓரடி வந்து, கயிறு தளர்ந்த பின்னரே தரையில் வைக்க வேண்டும். விழுந்தவர் மட்டும் உடனே கயிற்றை விட்டு, அதனை விட்டு விலகிப் புரள வேண்டும். நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

இரு கட்சிகளையும் தலைக்கணக்கால் மட்டும் சமமாக்குதல் போதாது. நிறையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குழு 560 கிலோவும் மற்றது 640 கிலோவும் இருந்தால், எண்ணிக்கையில் எட்டுக்கு எட்டு ஆயினும், பின்னதற்கு ஓர் ஆள் கூடுதலாக இருப்பதாகவே பொருள். சிறுவரைப் பெரியவரோடு ஒரே கயிற்றில் நிறுத்துதல் கூடவே கூடாது.

கயிற்றைப் பேணுதல்

கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நைலான் கொடியைத் தவிர்க்க வேண்டும். அது கையை அறுக்கும், நீளும், திருப்பி அடிக்கும். தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும். கைக்கு நிறையும் பருமனுள்ள மணிலாக் கயிறு தகுந்தது. மும்பையின் நான்கு திங்கள் மழை இதற்குப் பகை. ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்ட கயிறு மேலுக்கு நன்றாகவே தோன்றும், உள்ளே மட்கியிருக்கும். ஆண்டுதோறும் போட்டிக்கு முன், ஒரு முழத்திற்கு ஓரிடமாகப் புரியைச் சற்றே பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். பூசண நாற்றம், கருமை, தூளாக உதிர்தல் இவற்றுள் ஒன்று கண்டாலும் அது துணி காய வைக்கும் கொடிக்கே உரியது. இரண்டு கயிறுகளை முடிந்து நீளமாக்குதலும் கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் வலிமை ஏறத்தாழப் பாதியாகிறது. ஆட்டம் முடிந்ததும் நிழலில் தொங்கவிட்டு உலர்த்தி, தரையில் படாதபடி மாட்டி வைக்க வேண்டும்.

உள்ளங்கையில் கயிறு உராய்ந்து எரிந்தால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மஞ்சளோ எண்ணெயோ தடவுதல் வேண்டாம். விரல் மரத்துப் போனாலும், நிறம் மாறினாலும், மடக்க இயலாவிடினும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வேடிக்கை பார்ப்போர் கயிற்றின் இரு முனைகளுக்கும் பின்னால் நேர்கோட்டில் நிற்கலாகாது. பக்கங்களிலும் தள்ளியே நிற்கட்டும். தொண்டர் ஒருவர் குழந்தைகளைக் காத்து நிற்க, நடுவர் கயிற்றை எடுக்கச் சொல்லுமுன், பதினாறு பேரின் கைகளையும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எக்கையிலேனும் ஒரு சுற்றுக் கண்டால், அது கழலும் வரை ஆட்டம் தொடங்க வேண்டாம்.